காலியாக இருந்த வரி

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு இர்பானா பெரம்பலூர் ஆபீஸின் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தபோதே பாலாஜியின் மெசேஜ் வந்துவிட்டது. பாலாஜி அரியலூரில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அந்த சென்டருக்கான மென்பொருளை எழுதிக் கொடுத்தது இர்பானாவின் கம்பெனி. கம்பெனி என்றால் மொத்தம் நாலு பேர், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு செருப்புக்கடைக்கு மேலே.

"மேடம், புது சிஸ்டம்ல சாப்ட்வேர் நிக்கவே மாட்டேங்குது. ஏறுது, விழுது, திரும்ப ஏறுது. கான்பிக் பைலையும் இதோட அனுப்பிருக்கேன், பாருங்க."

பைல் என்று அவன் அனுப்பியது பைலே இல்லை. மென்பொருள் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் அதன் வரிகளை அப்படியே காப்பி எடுத்து வாட்ஸாப்பில் ஒட்டியிருந்தான். வரிகளின் முன்னால் இருந்த இடைவெளி பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. இந்த வகைக் கோப்பில் அந்த இடைவெளிதான் எல்லாம். எந்த வரி எதற்குக் கீழே வருகிறது என்பதை மெஷின் அதை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும்.

இர்பானா பர்தாவின் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். லெப்பைக்குடிக்காட்டிலிருந்து நின்றுகொண்டே வந்த பஸ். கால் வலித்தது. போனில் கூப்பிட்டாள்.

"பாலாஜி, இப்படி ஒட்டாதீங்க. பைலாவே அட்டாச் பண்ணி அனுப்புங்க. அப்புறம், இதுல நீங்க எதாச்சும் மாத்துனீங்களா?"

"ஒரே ஒரு வரி மேடம். புது டிஸ்க்கோட எடத்தைப் போட்டேன். மொதல்ல ஸ்டார்ட்டே ஆகல. எர்ரர்னு வந்துச்சு. அப்புறம் முன்னாடி கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணேன், ஸ்டார்ட் ஆச்சு. ஆனா விழுந்துக்கிட்டே இருக்கு."

பைல் வந்தது. அவள் எப்போதும் செய்வதையே முதலில் செய்தாள். வரியின் முன்னால் இருக்கும் இடைவெளி ஒவ்வொன்றையும் புள்ளியாகக் காட்டச் சொல்லி எடிட்டரில் திறந்தாள். பாலாஜி சேர்த்த வரியில் ஸ்பேஸ் நாலுக்குப் பதில் ஐந்து இருந்தது. பக்கத்து வரியையும் ஐந்தாக்கி இரண்டையும் ஒன்றாக நிறுத்தியிருந்தான். பார்க்க அசிங்கமாக இருந்ததே தவிர தப்பில்லை. முதலில் டேப் அழுத்தியிருப்பான், அதனால்தான் ஸ்டார்ட்டே ஆகியிருக்காது. இடைவெளி தப்பாக இருந்தால் பெரும்பாலும் கோப்பைப் படிக்கும்போதே மெஷின் மறுத்துவிடும். இது படித்துவிட்டு, கன்டெய்னரை, அதாவது மென்பொருள் ஓடும் தனிப் பெட்டியை, தொடங்கிவிட்டு, அப்புறம் சாகிறது. அப்படியானால் கோளாறு இடைவெளியில் இல்லை, மதிப்பில். ஏதோ ஒன்று வரவேண்டிய இடத்தில் வரவில்லை.

"லாக் எடுத்து அனுப்புங்க. கடைசி இருபது வரி போதும்."

மென்பொருள் தானே எழுதி வைக்கும் குறிப்பேடு, அதுவும் வந்தது. ஒரே வாக்கியம் பத்துப் பத்து செகண்டு இடைவெளியில் திரும்பத் திரும்ப அச்சாகியிருந்தது. தரவுச் சாவி இல்லை, வெளியேறுகிறேன். விழுந்தால் உடனே எழுப்பிவிட வேண்டும் என்று கோப்பில் எழுதியிருந்ததால் எழுந்துகொண்டும், சாவி இல்லாததால் விழுந்துகொண்டும் இருந்தது.

கோப்பில் அந்தச் சாவிக்கான வரியைத் தேடினாள். சாவி என்றால் நோயாளிகளின் தகவலைப் பூட்டித் திறக்கும் ஒரு எழுத்துத்தொடர். மற்ற மதிப்புகளெல்லாம் நேரடியாக எழுதப்பட்டிருந்தன. அது ஒன்றுக்கு மட்டும், பக்கத்திலுள்ள இன்னொரு கோப்பிலிருந்து எடுத்துக்கொள் என்று இருந்தது. அந்த இன்னொரு கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்கும். புள்ளியில் தொடங்கும் கோப்புகள் போல்டரைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியாது. அவற்றைக் காட்டச் சொல்லிக் கேட்டால்தான் காட்டும்.

எல்லாவற்றையும் செலக்ட் செய்தாலும் அவை அதில் சேராது. சனிக்கிழமை போனில் பாலாஜிக்குச் சொன்னது அவளேதான். அந்த போல்டரைத் திறங்க, எல்லாத்தையும் செலக்ட் பண்ணுங்க, பென்டிரைவ்ல போடுங்க. அன்றைக்கு ஆஃப்ராவை, அவளுடைய தங்கச்சி மகளை, ஊசி போடக் கூட்டிப்போகிற அவசரம்.

"பாலாஜி, பழைய சிஸ்டம் அங்கதானே இருக்கு? அதை ஆன் பண்ணுங்க."

"அது இல்லையே மேடம். நேத்து சாயங்காலம் புதுசை எறக்குன கடைக்காரரு பழசை எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு."

அவள் எழுந்து நின்றாள். "அவருக்கு போன் பண்ணுங்க. எதையும் தொட வேண்டாம்னு சொல்லுங்க. நான் நேர்ல வரேன்."

*

அரியலூர் பஸ்ஸில் முன்னும் பின்னும் சிமெண்ட் லாரிகள். ஜன்னல் கம்பியில் கை வைத்தால் வெள்ளையாக ஒட்டியது. பாதி வழியில் பாலாஜி கூப்பிட்டான். கடைக்காரர் ராத்திரியே பழைய மெஷினை பார்மட் செய்து விண்டோஸ் ஏற்றிவிட்டார். உள்ளே இருந்தது எஸ்.எஸ்.டி. என்ற வகை டிஸ்க். அதில் அழித்த பின் திரும்பத் தோண்டி எடுப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம் என்று அவளுக்குத் தெரியும்.

ராஜராஜனுக்கு போன் போட்டாள். அந்த மென்பொருளை எழுதியவன் அவன். நாலு மாசத்துக்கு முன்னால் வேலையை விட்டுவிட்டு சென்னைக்குப் போயிருந்தான்.

"கீயா? எங்கிட்ட இல்லையே இர்பானா. பேஷண்ட் கீயை நம்ம லேப்டாப்ல வெச்சுக்கக் கூடாதுன்னு நான்தானே எல்லார்ட்டயும் கத்திட்டிருந்தேன். அந்த மெஷின்ல ஒண்ணு. இன்னொண்ணு நம்ம ஆபீஸ் பாஸ்வேர்டு லாக்கர்ல. ஹேண்ட்ஓவர் ஷீட்ல ஆறாவது வரி அதான். நீதானே டிக் பண்ணி கையெழுத்துப் போட்ட?"

"ம்."

"லாக்கர்ல இல்லையா?"

"இல்ல. நீ போட்டுட்டேன்னு நெனச்சேன்."

"நீ போடணும்னுதானே அந்த வரியே." பிறகு, "சரி விடு, பாத்துக்கோ" என்று வைத்துவிட்டான்.

அவனுடைய கடைசி நாள் அது. மேஜையெல்லாம் பிரியாணிப் பொட்டலம். பதினொரு வரிக்கும் ஒரே மூச்சில் டிக் அடித்துவிட்டு, எண்ணெய்க் கையோடு பேனாவை அவனிடம் திருப்பிக் கொடுத்தது ஞாபகம் வந்தது.

*

சென்டரில் ஆறு டயாலிசிஸ் மெஷின்கள், முப்பத்திநாலு நோயாளிகள். ஒரு ஆளுக்கு நாலு மணி நேரம். ஆறாவது மெஷின் தனி அறையில் இருந்தது, ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு மட்டும். ரத்தத்தில் பரவுகிற கிருமி. அவர்களுக்குப் போட்ட மெஷினை மற்றவர்களுக்குப் போடக் கூடாது. யாருக்கு அது இருக்கிறது என்பதை மட்டும் பேப்பர் பைலில் எழுதுவதில்லை. படுக்கையில் தொங்கும் பைலைக் கூட வந்த சொந்தக்காரர்கள் புரட்டுவார்கள் என்பதால் அந்தத் தகவல் மென்பொருளுக்குள் பூட்டிக் கிடந்தது. அந்தப் பூட்டுக்கான சாவிதான் இப்போது இல்லை.

காலை ஷிப்டுக்கு முந்தின நாள் சாயங்காலமே பட்டியல் அச்சாகியிருந்தது, அதனால் பிரச்சினை இல்லை. ஒரு மணி ஷிப்டுக்குப் பட்டியல் வேண்டும். எல்லாரையும் முகம் பார்த்தே தெரிந்து வைத்திருந்த டெக்னீஷியன் போன மாசம்தான் சவுதிக்குப் போனார். இப்போதிருந்த நர்ஸ் பூங்குழலி வந்து மூணு வாரம்கூட ஆகவில்லை.

"பன்னெண்டு ஆயிடுச்சுங்க. லிஸ்ட் இல்லாம நான் யாரை எதுல போடுறது?" என்றாள் பூங்குழலி. கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"இருங்க சிஸ்டர், பாத்துட்டிருக்கேன்."

இர்பானா புது மெஷினில் புள்ளிக் கோப்புகளைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். இல்லை. பென்டிரைவிலும் இல்லை. கடைசி நம்பிக்கையாக பேக்கப்பைத் திறந்தாள். தரவு முழுதும் இருந்தது, பூட்டிய இடங்களில் மட்டும் கோணல்மாணலான எழுத்துகள்.

முதலாளி விக்கி கூப்பிட்டார். முப்பத்தைந்து வயசுக்காரர், கத்துகிறவர் இல்லை. அன்றைக்கும் கத்தவில்லை.

"இர்பானா, ஏதாவது ஒரு கீயைப் புதுசா உருவாக்கிப் போடு. கன்டெய்னர் நிக்கும்ல?"

"நிக்கும் சார். பழைய ரெக்கார்டைத் தெறக்காது."

"பழசை அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல நிக்கட்டும். நின்னாத்தான் அவங்களுக்கு நம்ம மேல நம்பிக்கை இருக்கும்."

அவளுக்கும் அது நிற்பதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அதை அவள் பிறகு தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள். காலையிலிருந்து எழுந்து விழுந்துகொண்டிருந்ததைப் பார்த்துப் பார்த்து, ஒரு தடவை நின்றால் போதும் என்று ஆகியிருந்தது. புதுக் கோப்பு ஒன்று உண்டாக்கி, புதுச் சாவி ஒன்று எழுதி, பூட்டியிருந்த பாகங்களைப் படிக்க முடியாது என்று தெரிந்தே கன்டெய்னரை எழுப்பினாள். பத்து செகண்டு. இருபது. ஒரு நிமிஷம். விழவில்லை.

"நின்னுடுச்சு மேடம்!" என்று பாலாஜி கைதட்டினான். அவள் லாக்கைப் படிக்கத் தொடங்குவதற்குள் அவன் மதிய ஷிப்ட் பட்டியலைத் திறந்து பிரிண்டும் கொடுத்துவிட்டான். பூங்குழலி பிரிண்டரிலிருந்து பேப்பரை உருவிக்கொண்டு ஹாலுக்கு விரைந்தாள்.

லாக்கில் வரிசையாக ஒரே எச்சரிக்கை ஓடியது. திறக்க முடியவில்லை, காலியாக எடுத்துக்கொள்கிறேன். இர்பானா திரையில் எல்லா நோயாளிகளின் பட்டியலையும் திறந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, ஹெபடைடிஸ் பி: இல்லை. இல்லை. இல்லை. முப்பத்திநாலு பேருக்கும் இல்லை. போன மாச ரிப்போர்ட்டில் அந்த எண்ணிக்கை நாலு என்று இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். காலியாக இருந்தால் 'இல்லை' என்று காட்டும்படி ராஜராஜன் எப்போதோ எழுதி வைத்திருக்கிறான். யாரும் கவனிக்கவில்லை, அவளும்தான்.

நாற்காலி சாய்ந்தது. அவள் ஓடினாள்.

"சிஸ்டர்! அந்த லிஸ்ட்டைக் குடுங்க. அது தப்பு. யாரையும் அதை வெச்சுப் போடாதீங்க!"

பூங்குழலி அப்போதுதான் ஒரு பெண்மணியை மூணாவது மெஷினுக்குக் கூப்பிட்டிருந்தாள். ஊசி இன்னும் குத்தவில்லை. இர்பானா பேப்பரைப் பிடுங்கி நாலாக மடித்தாள்.

"அப்ப சரியான லிஸ்ட் எங்க?"

"இல்லைங்க. அது இனிமே வராது. டாக்டருக்கு போன் பண்ணுங்க. எல்லாருக்கும் திரும்ப டெஸ்ட் எடுக்கணும்."

டாக்டர் திருச்சியில் இருந்தார். எல்லாருக்கும் உடனே முடிவு காட்டும் கார்டு டெஸ்ட் எடுங்கள், ரிசல்ட் வந்த பிறகு போடுங்கள், பழைய ரிப்போர்ட் இருந்தால் அதையும் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தார். சரியான யோசனைதான். அப்போது விக்கியின் போன் வந்தது. இர்பானா அதை எடுத்துக்கொண்டு ரிசப்ஷன் பக்கம் திரும்பினாள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான்.

பூங்குழலி காத்திருக்கும் ஹாலின் நடுவில் நின்று குரல் கொடுத்தாள்.

"எல்லாரும் கேளுங்க. கம்ப்யூட்டர்ல தகவல் போயிடுச்சு. உங்கள்ல யாருக்கெல்லாம் ஹெபடைடிஸ் இருக்கு? இருக்கிறவங்க சொல்லிடுங்க, டெஸ்ட் கிட்டு மூணுதான் இருக்கு."

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட வந்தவர்கள் எல்லாரையும் பார்த்தார்கள்.

கடைசி பெஞ்சில் நல்லுசாமி உட்கார்ந்திருந்தார். ஆண்டிமடத்தில் டீக்கடை வைத்திருப்பவர், ஐம்பத்தைந்து வயசு இருக்கும். பக்கத்தில் அவர் சம்சாரம் கொளஞ்சியம்மாள். அதற்கடுத்து அதே ஊர் நடராசன். ஒன்றரை வருஷமாக இரண்டு பேரும் நடராசன் பேசி அமர்த்திய ஒரே வேனில் சேர்ந்து வருகிறவர்கள். கொளஞ்சியம்மாள் புருஷனின் முழங்கையைப் பிடித்தாள். அழுத்திப் பிடித்தாள். இர்பானா போனைக் காதில் வைத்தபடியே அதைப் பார்த்தாள்.

பூங்குழலி இன்னொரு தடவை கேட்டாள்.

நல்லுசாமி சம்சாரத்தின் கையை மெதுவாக எடுத்து அவள் மடியில் வைத்தார். எழுந்து நின்றார்.

"எனக்கு அந்தக் கடைசி ரூம் மெசின்தாம்மா. எனக்கு இருக்கு. வேற யாரையும் நான் ஒக்கார்ற எடத்துல போட்டுறாதீங்க."

நடராசன் தன் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி போனார். திரும்பி வந்து எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

*

கிட்டு பற்றாக்குறையை ஊரிலேயே இருந்த லேப் ஒன்றிலிருந்து வாங்கிச் சமாளித்தார்கள். ஒரு மணி ஷிப்ட் இரண்டே முக்காலுக்குத் தொடங்கியது. யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வாரத்துக்குள் முப்பத்திநாலு பேருக்கும் புது ரிசல்ட் ஏற்றியாயிற்று. மற்ற மூணு பேர் தனியாக வந்து சொன்னார்கள், அல்லது ரிசல்ட் சொன்னது. இர்பானா காலியை 'இல்லை' என்று காட்டும் வரியை மாற்றி, சிவப்பில் 'தெரியவில்லை' என்று வரும்படி எழுதினாள். சாவி இல்லாமல் பட்டியலே அச்சாகாதபடி செய்தாள். புதுச் சாவியை லாக்கரில் போட்டு, போட்டதைத் திறந்தும் பார்த்தாள்.

டாக்டருக்கு ஒரு கடிதம் போக வேண்டியிருந்தது. சிஸ்டம் மாற்றும்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று விக்கி எழுதி வைத்திருந்தார்.

"சார், கோளாறு இல்ல. நான் வாங்காத சாவியை வாங்கிட்டேன்னு கையெழுத்துப் போட்டேன். காப்பி பண்ணவும் தப்பா சொல்லிக் குடுத்தேன். அதை எழுதுங்க."

"எழுதி என்னாகப் போவுது? யாரும் கேக்கல. பாலாஜி மேலகூட யாரும் சொல்லல."

"அதுக்கில்ல சார்."

விக்கி அவள் சொன்னபடியே மாற்றினார். டாக்டரிடமிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது. இனிமேல் கவனமாக இருக்கவும். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

நாலாவது வாரம் பட்டியலைச் சரிபார்க்கும்போது நல்லுசாமியின் பெயர் இல்லை. பாலாஜியிடம் கேட்டாள்.

"அவரு வர்றதில்ல மேடம். நடராசன் அண்ணன் வேன்ல ஏத்திக்க மாட்டேன்னுட்டாரு. ரெண்டு தடவை பஸ்ல வந்தாரு. அப்புறம் கும்பகோணம் பக்கம் எங்கயோ மாத்திக்கிட்டதா சொன்னாங்க."

*

ஞாயிற்றுக்கிழமை அவள் ஆண்டிமடத்துக்குப் போனாள். உம்மாவிடம் ஆபீஸ் வேலை என்று சொல்லியிருந்தாள். ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி, முந்திரித் தோப்புகளைத் தாண்டி இறங்கும்போது பதினொரு மணி. டீக்கடையைக் கேட்டதும் ஒருவர் கையைக் காட்டிவிட்டு, "அங்க எதுக்கு? இந்தக் கடையில குடிங்களேன்" என்றார்.

கடையின் ஒரு பலகை மட்டும் திறந்திருந்தது. பாய்லர் அணைந்து கிடந்தது. நல்லுசாமி உள்ளே பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தது. கொளஞ்சியம்மாள் வாசலுக்கு வந்தாள்.

"யாரும்மா?"

"அரியலூர் சென்டர்ல கம்ப்யூட்டர் பாக்குறவங்க. அன்னிக்கு அங்க இருந்தேன்."

கொளஞ்சியம்மாள் வழிவிடவில்லை. நல்லுசாமிதான், "வாம்மா, ஒக்காரு" என்றார்.

"எத்தனை தடவைங்க போறீங்க இப்போ?"

"வாரத்துக்கு மூணு போவணும். ரெண்டுதான் முடியுது. ரெண்டு பஸ்சு மாறணும்ல. வரும்போது தல சுத்துது." அவர் காலைக் கொஞ்சம் நகர்த்தினார். "கடையில யாரும் குடிக்கிறதில்ல. டீயில எல்லாம் ஒட்டாதுன்னு டாக்டரு சொல்றாரு. யார்கிட்ட போயி அதைச் சொல்றது?"

இர்பானா பஸ்ஸில் வரும்போது பலவிதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். கடைசியில் நேராகவே சொன்னாள்.

"அந்தத் தகவல் போனது என்னாலதாங்க. ஒரு பேப்பர்ல பாக்காம டிக் போட்டேன். அதுல வந்தது. உங்களைத் தனியாக் கூப்பிட்டுக் கேக்கணும்னும் எனக்குத் தோணல. என்னை மன்னிச்சிடுங்க."

கொளஞ்சியம்மாள் திரும்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். பாத்திரம் ஒன்று தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

நல்லுசாமி வெளியே ஒரு டிராக்டர் போய் முடியும்வரை காத்திருந்தார்.

"நீ டிக்கு போட்டதைப் பத்தி எனக்கு என்னம்மா தெரியும். அதுல எனக்குக் கோவமும் வரல." அவர் குரல் தாழ்ந்தது. "அன்னிக்கு இவ என் கையப் புடிச்சா. பேசாதன்னு புடிச்சா. நான் பேசிட்டேன். எவனுக்கோ என்னால வந்துடக் கூடாதுன்னுதான். அது சரின்னுதான் அன்னிக்குப் பட்டுச்சு. இப்ப தினமும் காலையில எந்திரிச்சதும், வாயத் தெறக்காம இருந்திருக்கலாமேன்னு தோணுது. அப்படித் தோணுதே, அதான் எனக்குத் தாங்க முடியல."

இர்பானா அவருடைய அடுத்த டயாலிசிஸ் எந்தக் கிழமை என்று கேட்டாள். செவ்வாய் என்றார். அரியலூருக்கே திரும்ப வருவதானால் தனி வண்டிக்குப் பேசிப் பார்க்கட்டுமா என்றாள்.

"அந்த ஹாலுக்கு இனிமே என்னால வர முடியாதும்மா" என்றார்.

அவள் எழுந்தாள். கொளஞ்சியம்மாள் வெளியே வரவில்லை. ரோட்டுக்கு வந்து ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்காக நின்றாள். வெயில் ஏறியிருந்தது. எதிர்க் கடையில் பெஞ்சு நிறைய ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.